பதிலா, புகாரா, பிளாக்கா: லிங்க்ட்இன்னில் எது எப்போது?

முன்பு சேர்ந்து வேலை பார்த்த வாடிக்கையாளர் ஒருவர், பதவி உயர்வுக்கு வாழ்த்துச் சொல்லி ஒரு பெண்ணுக்கு எழுதுகிறார். அவரும் நன்றி சொல்கிறார். அன்றிரவே அடுத்த செய்தி வருகிறது: “படத்தில் அழகாக இருக்கிறீர்கள். வீட்டில் தனியாகத்தான் இருக்கிறீர்களா?”

இப்போது அந்தப் பெண்ணுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

பலர் முதலில் பிளாக் செய்வார்கள். ஆத்திரம் வந்தால் கை போகும் இடம் அதுதான், அதில் தவறும் இல்லை. செய்தி உடனே நிற்கும். பிளாக் செய்ததாக அவருக்கு அறிவிப்பும் போகாது. ஆனால் தொழில் தளத்தில் அதற்கு ஒரு விலை உண்டு. இணைப்பு அறுந்துவிடும், அவர் எழுதித் தந்த பரிந்துரையும் அதோடு மறைந்துவிடும். பிறகு பிளாக்கை நீக்கினாலும் இணைப்பு தானாகத் திரும்பாது. நீக்கிய 48 மணி நேரத்துக்கு அவரை மறுபடி பிளாக் செய்யவும் முடியாது. இன்னொன்று, அவருடைய பக்கத்தை நீங்களும் திறக்க முடியாமல் போகும். பெயர், பதவி, நிறுவனம் எல்லாம் பின்னால் ஆதாரமாகத் தேவைப்படலாம். அதனால் அவருடைய பக்கத்தையும், தேதியும் நேரமும் தெரியும்படி முழு உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே பிளாக் செய்யுங்கள்.

புகார், பிளாக்குக்கு மாற்று அல்ல. அதற்கு முந்தைய படி. சுயவிவரப் பக்கத்தைவிட, அந்தச் செய்தியிலிருந்தே புகார் செய்வது நல்லது. அப்போதுதான் பரிசீலிப்பவர்கள் எந்த வாக்கியத்தைப் பார்க்க வேண்டும் என்பது தெளிவாக இருக்கும். புகார் கொடுத்தவர் யார் என்று தளம் சொல்லாது. ஆனால் தனி உரையாடல் என்பதால் அவர் ஊகித்துவிடலாம். எல்லாப் புகாருக்கும் நடவடிக்கை வரும் என்றும் நம்பியிருக்க முடியாது.

பதில் சொல்வதா? முன்பின் தெரியாதவருக்கு வேண்டவே வேண்டாம். அதுவும் இணைப்பில் இல்லாதவருக்குக் கிரெடிட் செலவழித்து அனுப்பும் செய்தியான இன்மெயிலில் அவர் எழுதியிருந்தால், 90 நாட்களுக்குள் நீங்கள் “விருப்பமில்லை” என்று பதில் போட்டாலும் அவர் செலவழித்த கிரெடிட் அவருக்கே திரும்பிவிடும். அந்தக் கிரெடிட்டில் அவர் இன்னொருவருக்கு எழுதலாம்.

இந்த வாடிக்கையாளர் விஷயம் வேறு. அவரோடு மறுபடி வேலை செய்ய நேரலாம் என்றால், ஒரே ஒரு வரி எழுதலாம்: “இது வேலை தொடர்பான செய்தி அல்ல. இனி இப்படி எழுத வேண்டாம்.” மன்னிப்பு, காரணம், சிரிக்கும் எமோஜி எதுவும் கூடாது, மூன்றுமே பேச்சை நீட்டிக்க இடம் கொடுக்கும். அந்த ஒரு வரி, உங்களுக்கு விருப்பமில்லை என்பதற்கு எழுத்துப்பூர்வமான சாட்சி. பிறகு அவருடைய நிறுவனத்திலோ உங்கள் மனிதவளத் துறையிலோ புகார் சொன்னால், “விளையாட்டாகத்தான் எழுதினேன்” என்ற சமாளிப்பு அங்கே எடுபடுவது கடினம். அந்த வரிக்குப் பிறகும் ஒரு செய்தி வந்தால், அதையும் படமெடுத்து, புகார் செய்து, பிளாக் செய்யலாம்.

மிரட்டல் இருந்தாலோ, வீட்டு முகவரியைக் குறிப்பிட்டாலோ அந்த ஒரு வரியும் வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டுகளோடு நேராகக் காவல்துறைக்குப் போக வேண்டும்.