இரண்டாவது திரையில் வீடியோ திக்கியது: 14 மாதத்தில் நான் கண்டது

என் மேசையில் இரண்டு மானிட்டர். நேர் எதிரே இருப்பது 165 ஹெர்ட்ஸ், வீடியோ எடிட்டிங் முழுக்க அதில்தான். இடது பக்கம் பழைய 24 அங்குல அலுவலக மானிட்டர், ஜார்ஜ்டவுனில் தெரிந்த ஒருவரிடம் 150 வெள்ளிக்கு வாங்கினேன், அது 60 ஹெர்ட்ஸில் ஓடியது. எடிட் செய்ததை இடது திரையில் ஓடவிட்டுப் பார்ப்பது என் வழக்கம். அண்ணன் தைப்பூசத்துக்கு எடுத்த ரத ஊர்வல வீடியோவைப் போட்டபோதுதான் வயிறு எரிந்தது. கேமரா மெதுவாக இடமிருந்து வலமாகத் திரும்புகிறது, ரதத்தின் விளக்குகள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், ஆனால் நடுங்கி நடுங்கிப் போகின்றன. அதே ஃபைலை எதிரே இருக்கும் திரைக்கு இழுத்தால் வெண்ணெய் போல ஓடுகிறது.

இரண்டு திரைக்கும் ரிஃப்ரெஷ் ரேட் வேறு, அதனால்தான் இப்படி என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பி 165-ஐ 120-க்கு இறக்கினேன், 60-க்குச் சரியாக இரண்டு மடங்கு அல்லவா. இரண்டு வாரம் அப்படியே வைத்திருந்தேன், இடது திரையில் கொஞ்சமும் மாற்றமில்லை. பழைய விண்டோஸ் 10-இல் இந்த யோசனைக்கு அர்த்தம் இருந்தது. திரையில் தெரியும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்துக் காட்டும் DWM, வேகம் வேறான இரண்டு மானிட்டர்களை வைத்துக்கொண்டு தடுமாறும். 2020 மே மாதம் வந்த 2004 பதிப்புக்குப் பிறகு அது வெகுவாகச் சரியாகிவிட்டது. நான் விண்டோஸ் 11-இல் இருக்கிறேன், ஆகவே என் காரணம் வேறு எங்கோ இருந்தது.

எதையும் மாற்றுவதற்கு முன் கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச்சைப் போட்டு, திக்கல் எப்போதெல்லாம் வருகிறது என்று பாருங்கள். இதை நான் முதல் நாளே செய்திருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும். விடாமல் நடுங்கிக்கொண்டே இருந்தால் ஒரு காரணம், சொல்லி வைத்தாற்போல இத்தனை விநாடிக்கு ஒரு முறை குதித்தால் வேறொரு காரணம், கணக்கில்லாமல் வந்து போனால் இன்னொன்று. என் திரையில் முதலில் நடுக்கமும் கணக்கில்லாத திக்கலும் கலந்து இருந்ததால்தான் குழம்பினேன்.

கணக்கில்லாததை முதலில் பிடித்தேன், அது சுலபமாகவே இருந்தது. எதிரே இருக்கும் திரையில் டைம்லைனை நகர்த்தினாலோ கேம் ஓடினாலோ மட்டும் இடது திரை வீடியோ நின்று நின்று போனது. Settings > System > Display > Advanced display போய், மேலே இரண்டாவது மானிட்டரைத் தேர்ந்தெடுத்தால் அது எதனோடு இணைந்திருக்கிறது என்று எழுதியிருக்கும். எனக்கு அங்கே Intel என்று இருந்தது! கணினியைப் பொருத்திக் கொடுத்தவர் இரண்டாவது கேபிளை கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருக்கிறார். அப்படியானால் கார்டு வரைந்த ஒவ்வொரு படமும் சிபியுவுக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குக் காப்பி ஆகித்தான் அந்தத் திரைக்குப் போக வேண்டும், கார்டுக்கு வேலை கூடினால் அது தாமதமாகிவிடும். கேபிளைக் கழற்றி கார்டில் செருகினேன், இந்தத் திக்கல் அன்றோடு போனது, இன்றுவரை வரவில்லை.

நடுக்கம் மட்டும் போகவில்லை. Win + P அழுத்தி Second screen only என்று மாற்றி, எதிரே இருக்கும் திரையை முழுக்க அணைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் அதே நடுக்கம். இந்தச் சோதனையை யாரும் விடாதீர்கள். தனியாக ஓடும்போதும் நடுங்கினால் பக்கத்துத் திரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அந்தத் திரைக்கும் அந்த வீடியோவுக்கும்தான் கணக்கு ஒத்துவரவில்லை.

அண்ணனின் வீடியோ விநாடிக்கு 25 ஃபிரேம், திரையோ விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மண்டப விளக்குகளும் கோயில் விளக்குகளும் 30 ஃபிரேமில் எடுத்தால் மின்னித் தொலைக்கும், அதனால் கல்யாண வீடியோக்காரர்கள் பலரும் 25-இல்தான் எடுக்கிறார்கள். 60-ஐ 25-ஆல் வகுத்தால் 2.4. ஒரு படத்தை 2.4 முறை காட்ட முடியாது, ஆக சிலவற்றை இரண்டு முறை, சிலவற்றை மூன்று முறை என்று கலந்து காட்டுகிறது. ஒரு படம் 33 மில்லிவிநாடி நிற்கிறது, இன்னொன்று 50. யாராவது உட்கார்ந்து பேசும் காட்சியில் இது தெரியாது, கேமரா திரும்பும்போது கண்ணைக் குத்தும். 165-இலும் கணக்கு சரியாக வகுபடாது, 6.6 வருகிறது, ஆனால் அங்கே திரை ஒருமுறை புதுப்பிக்கும் துடிப்பே 6 மில்லிவிநாடிதான், கண்ணுக்குப் பிடிபடாது. வகுத்தல் கணக்கு வேகம் குறைந்த திரையில்தான் முக்கியம், அதனால் 165-ஐ இறக்கியது வீண் வேலை.

சரி, இடது மானிட்டரின் பட்டியலைப் பார்த்தால், Choose a refresh rate என்ற இடத்தில் 75-ம் இருந்தது, 50-ம் இருந்தது. 25-க்கு 50 அருமையாகப் பொருந்தும், ஆனால் மற்ற வேலை செய்யும்போது மவுஸ் இழுபடுவது போல இருந்ததால் ஒரே நாளில் விட்டுவிட்டேன். 75 என்றால் ஒவ்வொரு படமும் சரியாக மூன்று முறை. மாற்றியதும் ரதம் வழுக்கிக்கொண்டு போனது, அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அப்புறம் ஒரு வாரத்தில் வேறொன்று கண்ணில் பட்டது. அரை நிமிடத்துக்கு ஒருமுறை மிகச் சின்னதாக ஒரு குதி. ஸ்டாப்வாட்ச் 33 விநாடி என்றது. Advanced display-இல் உற்றுப் பார்த்தால் அது 75 இல்லை, 74.97 Hz. விநாடிக்கு 0.03 துடிப்பு குறைகிறது, 33 விநாடியில் அது ஒரு முழுத் துடிப்பாகச் சேர்ந்து, ஏதோ ஒரு படம் மூன்றுக்குப் பதில் இரண்டு முறையே தெரிகிறது. 60 ஃபிரேம் வீடியோவை 59.94-இல் ஓடும் திரையில் பார்ப்பவர்களுக்கு இதே கணக்கில் ஏறக்குறைய 17 விநாடிக்கு ஒருமுறை ஒரு படம் விழும். நான் mpv பிளேயரில் பார்ப்பதால் mpv.conf-இல் ஒரே ஒரு வரி போதுமாக இருந்தது:

```
video-sync=display-resample
```

இது திரையின் துடிப்புக்கு ஏற்ப வீடியோவின் வேகத்தை மிகக் கொஞ்சமாக மாற்றி, ஒலியையும் அதற்கு ஒத்துப்போகச் செய்கிறது. வழக்கமான அமைப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் வேகத்தை மாற்றாது, ஆகவே 74.97 போன்ற சிறு பிசகைத்தான் இது தீர்க்கும், 60-இல் வரும் 2.4 நடுக்கத்தை ஒன்றும் செய்யாது. ஓடும்போது Shift + I அழுத்தினால் விழுந்த ஃபிரேம்களின் எண்ணிக்கை திரையிலேயே தெரியும், ஒரு மணி நேர வீடியோவுக்குப் பிறகும் எனக்கு அது பூஜ்யம்தான்.

75 எல்லாவற்றுக்கும் ஏற்றது என்று நினைத்துவிடாதீர்கள். யூடியூபில் 30, 60 ஃபிரேம் வீடியோக்கள் 75-இல் மோசமாகவே ஓடும், 60-ஐ வைத்து வகுத்தால் 1.25, அதாவது நான்கு படத்தில் ஒன்று மட்டும் இரண்டு முறை நிற்கிறது. பந்தாட்டம் பார்க்கும் இரவுகளில் நான் 60-க்கு மாற்றிவிடுகிறேன். 24 ஃபிரேம் சினிமாவுக்கு 60-ம் சரியில்லை, 75-ம் சரியில்லை, படத்தை எதிரே இருக்கும் திரைக்கே இழுத்துவிடுகிறேன். பிரவுசரில் 25 ஃபிரேம் ஓடினால் அந்த 33 விநாடிக் குதி இன்னும் இருக்கிறது, அங்கே mpv-யின் வரி வேலை செய்யாது.