ஆடாசிட்டியில் தமிழ்க் குரல்: வாய் மூடுவதற்குள் வரி முடிய வேண்டும்

ஆங்கிலச் செய்முறைக் காணொளிகளுக்குத் தமிழ்க் குரல் கொடுக்க நெடுநாளாக ஆடாசிட்டியைத்தான் பயன்படுத்துகிறேன். இலவச மென்பொருள், ஒலியை வெட்டி ஒட்டுவதில் பெரிய குறை இல்லை. நேரத்தைத் தின்பது வரிகளைக் கச்சிதமாக எழுதும் வேலைதான்.

மூல ஒலியில் பேச்சாளர் ஒரே மூச்சில் பேசும் பகுதியைத் தேர்ந்தெடுத்து Ctrl+B அழுத்தினால், அதன் தொடக்கமும் முடிவும் கீழே லேபிள் தடத்தில் பதிந்துவிடும். தமிழ் வரியையும் அங்கேயே தட்டச்சு செய்துகொள்கிறேன். முற்றுப்புள்ளி எங்கே வருகிறது என்று பார்ப்பதில்லை. அவர் எங்கே மூச்சு விடுகிறாரோ அங்கேதான் வெட்டு.

ஒரு மேசையின் பாகங்களைப் பொருத்தும் காணொளியில், திருகாணியைத் தொட்டுக் காட்டி ஒருவர் பேசும் வரிக்கு மூன்று விநாடிதான் கிடைத்தது. ஆங்கிலத்தில் 13 அசைகள். நான் முதலில் எழுதியது: “இந்தத் திருகாணியை முதலில் இறுக்காவிட்டால் சட்டம் முழுவதும் ஆடும்.” வாய்விட்டு எண்ணினால் 23 அசைகள். விநாடிக்கு எட்டை நெருங்கும் இந்த வேகத்தில் வாசித்தால், செய்முறை விளக்கம் ஏலம் போடுவதுபோல் ஆகிவிடும். விரல் திருகாணியைத் தொட்டு நிற்கும்போது அதன் பெயரைச் சொல்வானேன்? “இதை முதலில் இறுக்காவிட்டால் சட்டமே ஆடும்” என்று மாற்றினேன். 15 அசைகள், நிதானமாகச் சொன்னாலும் இடம் இருக்கிறது. ‘இதை’ முதலில் வருவதால் விரலும் சொல்லும் சேர்ந்தே விழுகின்றன. அவர் நடுவில் நிறுத்தும் இடத்தில் ‘இறுக்காவிட்டால்’ முடிவதும் வசதி.

எல்லா வரியும் இப்படி அமையாது. செயலை முன்னால் சொல்லிக் காரணத்தைப் பின்னால் சொல்வது ஆங்கிலத்தில் வழக்கம். இயல்பான தமிழ் பெரும்பாலும் காரணத்தை முன்னால் கொண்டுவந்துவிடும். படத்தில் கை ஒன்றைச் செய்ய, குரல் வேறொன்றைச் சொல்லும். அப்போது இரண்டு சிறு வாக்கியங்களாக உடைத்து, இரண்டாவதை ‘ஏனென்றால்’ என்று தொடங்குவதே எனக்குக் கைகொடுக்கிறது.

வரி கொஞ்சம் மீறினால் Change Tempo இருக்கிறது. சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் கூட்டும். ஐந்து, ஆறு சதவீதம் வரை என் காதுக்கு உறுத்தவில்லை. பத்தைத் தாண்டினால் இரட்டித்த மெய்கள் தேயத் தொடங்குகின்றன: ‘இறுக்க’ என்பது ‘இறுக’ போலக் கேட்கிறது. அந்த நிலை வந்தால் வரியை மாற்றி எழுதிப் புதிதாகப் பதிவு செய்வதே குறைந்த வேலை. வரி சற்று முன்னதாக முடிந்தால் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. வாய் மூடிய பிறகும் குரல் தொடர்ந்தால் உடனே தெரிந்துவிடும்.

ஆடாசிட்டியின் பெரிய குறை, அதில் படம் தெரியாது என்பதுதான். ஒவ்வொரு முறையும் ஒலியை ஏற்றுமதி செய்து, காணொளி எடிட்டரில் வைத்துப் பார்க்க வேண்டும். கைகளும் பொருள்களும் மட்டும் தெரியும் காணொளிக்கு இந்த அலைச்சல் பரவாயில்லை. முகமே திரையை நிறைக்கும் நேர்காணலுக்கு, படத்தைப் பார்த்தபடியே பதிவு செய்யக்கூடிய எடிட்டரைத்தான் பரிந்துரைப்பேன்.