சூரியனோடு நகரும் சப்போர்ட் என்று சொல்லி விற்றார்கள்: எங்கள் டிக்கெட் 4 நாள் நின்ற கதை

எங்கள் கிடங்கின் சரக்கு இருப்பைக் கணக்கிடும் மென்பொருளை விற்ற நிறுவனம், சிங்கப்பூர், டப்ளின், டென்வர் ஆகிய மூன்று ஊர்களிலும் தனக்கு அலுவலகம் இருப்பதால் எந்த நேரத்திலும் விழித்திருக்கும் ஒருவர் எங்கள் சிக்கலைப் பார்ப்பார் என்று ஒப்பந்தப் பேச்சில் உறுதி கூறியது. அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் இதே ஏற்பாட்டைக் காட்டி விற்பவர்கள் பலர் இருப்பதால், எங்களுக்கு நடந்ததை நேர வரிசையில் எழுதி வைக்கிறேன்.

ஜூலை மாதம் ஒரு வியாழக்கிழமை காலை 11:10 மணிக்கு, கையடக்க ஸ்கேனர்கள் எவையும் சர்வருடன் பேசவில்லை. முதல் நிலை அவசரம் என்று டிக்கெட் போட்டோம். சிங்கப்பூர்ப் பொறியாளர் லாக் கோப்பைக் கேட்டார். 40 நிமிடத்தில் அனுப்பிவிட்டோம். அதன்பின் மூன்று மணி நேரத்துக்கு மேல் பேச்சே இல்லை. அவருடைய ஷிப்ட் நம் நேரத்தில் 3:30 மணிக்கு முடியும். 3:10 மணிக்கு, வேறொரு கட்டளையின் வெளியீடும் வேண்டும் என்று கேட்டுவிட்டு, டிக்கெட்டின் நிலையை `Pending Customer` என்று மாற்றிவிட்டுப் போய்விட்டார். வாடிக்கையாளரின் பதிலுக்குக் காத்திருப்பதாகக் காட்டும் அந்த நிலையில் இருக்கும்வரை, சிக்கலைத் தீர்க்க ஒப்பந்தம் தரும் நேரத்தை எண்ணும் கடிகாரம் ஓடாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

டப்ளின் மதியம் 1:30 மணிக்கே வேலையைத் தொடங்கிவிடும். அதாவது இரண்டு அலுவலகங்களும் சேர்ந்திருந்த இரண்டு மணி நேரம் இருந்தும், அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதாக டிக்கெட் வரலாற்றில் ஒரு வரிகூட இல்லை. கைமாற்றுக் குறிப்பில் இருந்தது "லாக் எதிர்பார்க்கப்படுகிறது" என்பது மட்டுமே. ஆகவே 4:30 மணிக்கு டப்ளின்காரர் நாங்கள் ஏற்கெனவே கொடுத்திருந்த அதே லாக்கைக் கேட்டார். இரவு 9 மணிக்கு மேல் டென்வர் கேட்டதும் ஏறத்தாழ அதுவே. நள்ளிரவு கடந்து 1:30 மணிக்கு அவர்கள் இரண்டு முறை அழைத்திருக்கிறார்கள், நான் உறங்கிவிட்டேன். தொடர்புகொள்ள முடியவில்லை என்று எழுதி, அவசரத்தை இரண்டாம் நிலைக்கு இறக்கிவிட்டார்கள்.

பெரிய அடி விழுந்தது இங்கேதான். முதல் நிலை டிக்கெட் மட்டுமே அலுவலகம் விட்டு அலுவலகம் போகும். இரண்டாம் நிலை டிக்கெட், கடைசியாக யார் கையில் இருந்ததோ அவருடைய ஊரின் அலுவல் நேரத்தில் மட்டுமே நகரும். முதல் நிலையில் இருக்க வேண்டுமானால் வாடிக்கையாளர் தரப்பிலும் 24 மணி நேரமும் ஆள் இருக்க வேண்டும். இரண்டுமே ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் இருந்தன, நான்தான் படிக்கவில்லை. வெள்ளி காலை சிங்கப்பூரைக் கூப்பிட்டபோது, டிக்கெட் டென்வருடையது, நிலையை உயர்த்தும் உரிமையும் அவர்களுடையதே என்றார்கள். அன்று பகல் முழுவதும் கிடங்கில் காகிதத்தில் எழுதினோம். இரவு 8:30 மணிக்கு வந்த டென்வர்காரர், காகிதத்தில் எழுத முடிகிறதென்றால் மாற்றுவழி இருக்கிறது என்று பொருள், எனவே இரண்டாம் நிலையே சரி என்றார். ஆனாலும் அவர்தான் முதன்முதலாக லாக்கைத் திறந்து படித்தார். வியாழக்கிழமையே நாங்கள் அனுப்பிய கோப்பில் இந்த வரி இருந்தது:

```
x509: certificate has expired or is not yet valid
```

ஸ்கேனர்களும் சர்வரும் பாதுகாப்பாகப் பேசத் தேவையான சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. புதியதில் கையொப்பமிடும் குழு இருந்தது சிங்கப்பூரில். கோடையில் டென்வர் நம் நேரப்படி காலை 5 மணிக்கு மூடுகிறது, சிங்கப்பூர் 6:30 மணிக்குத் திறக்கிறது; நடுவில் ஒன்றரை மணி நேரம் ஒருவரும் இல்லை, எனவே நேரில் பேசிக் கைமாற்ற வழியே இல்லை. அதைவிட மோசம், டென்வரின் வெள்ளி மாலை சிங்கப்பூரின் சனிக்கிழமை காலை. சனி, ஞாயிறில் அங்கே முதல் நிலை மட்டும்தான். திங்கள் காலை 10:40 மணிக்குப் புதிய சான்றிதழ் வந்தது. அதை நிறுவ 5 நிமிடம்கூட ஆகவில்லை.

மொத்தம் 95 மணி 30 நிமிடம். மாத அறிக்கையிலோ எங்கள் டிக்கெட் 6 மணி நேரத்தில் தீர்ந்ததாகப் பச்சை நிறத்தில் காட்டியிருந்தார்கள். கடிகாரம் நின்ற நேரம் எல்லாவற்றையும் கழித்துவிட்டார்கள். இழப்பீடு கேட்டபோது அந்த அறிக்கையையே பதிலாக அனுப்பினார்கள்.

இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், எந்த நிலை டிக்கெட் கைமாறும், உங்கள் ஒப்புதலின்றி நிலையை இறக்க முடியுமா, `Pending Customer` எப்போது கடிகாரத்தை நிறுத்தும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே சிக்கியிருப்பவர்கள், ஷிப்ட் முடியும் தறுவாயில் வரும் கேள்விக்கு "இது காலையிலேயே அனுப்பியது, இணைப்பு இது" என்று உடனே பதிலெழுதி, டிக்கெட்டை `Pending Customer` நிலையிலிருந்து திருப்புங்கள். இரண்டு ஊர்களும் விழித்திருக்கும் நேரத்தில் அழைத்து, போகிறவரும் வருகிறவரும் ஒரே அழைப்பில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். இரவு அழைப்புக்கு ஒருவரை முறை போட்டு வைத்திருக்கிறோம். அந்தச் செலவும் எங்கள் தலையில்தான்.