நான்கு மில்லிமீட்டரும் ஏழு மில்லிமீட்டரும்

சென்ற சித்திரையில் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குக் கல்லடைப்பு வந்தது. எனக்கு 4 மில்லிமீட்டர், மேலூரில் இருக்கும் மைத்துனருக்கு 7 மில்லிமீட்டர். இரண்டு கல்லும் சிறுநீர்க்குழாயின் அடிப்பகுதியில், சிறுநீர்ப்பைக்குச் சற்று மேலே நின்றன.

எனக்கு வலி மாத்திரை மட்டும், அவருக்கு அதோடு டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம், தினமும் ஒரு வேளை சாப்பாட்டுக்குப் பின். "மாப்பிள்ளைக்கு மட்டும் நல்ல மாத்திரையா?" என்று என் மனைவி கேட்டாள். அந்த மாத்திரை குழாயின் தசையைத் தளர்த்துகிறது. அந்தத் தளர்ச்சி அடிப்பகுதியில்தான் அதிகம். கல்லைக் கரைக்கும் சக்தி அதற்குக் கிடையாது. 5 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள கல் பெரும்பாலும் தானே இறங்கிவிடும் என்பதால் மாத்திரை கூடுதலாகச் செய்ய ஒன்றுமில்லை. 5 முதல் 10 வரைதான் அதற்கு வேலை. 2016இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், அந்த அளவுக் கற்கள் 28 நாளில் மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 83 பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 61 பேருக்கும் வெளியேறியிருந்தன. சிறு கற்களையும் கலந்து எடுத்த பெரிய ஆய்வுகள் சிலவற்றில் வித்தியாசமே தெரியவில்லை. கல் குழாயின் மேற்பகுதியில் நின்றால் இதை நம்பிக் காத்திருக்க நான் சொல்லமாட்டேன்.

என் கல் ஒன்பதாம் நாள் சிறுநீரை வடித்துப் பார்த்த டீ வடிகட்டியில் விழுந்தது, கம்பு மணி அளவில். மைத்துனருக்குப் பன்னிரண்டாம் நாளே வலி நின்றது. "இறங்கிவிட்டது" என்று வயலுக்குப் போய்விட்டார். வடிகட்டியில் எதுவும் விழவில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. அடைப்பு நீடிக்கும்போதே வலி அடங்கிவிடுவதுண்டு, ஏமாற்றும் இடம் அதுதான். நான்காம் வாரம் ஸ்கேனில் சிறுநீரகம் இன்னும் வீங்கியிருந்தது. சி.டி. எடுத்தபோது கல் அதே இடத்தில் நின்றது.

வலி அடங்கி, காய்ச்சலின்றி, சிறுநீரகம் ஒழுங்காக இயங்கினால் நான்கு வாரம் பொறுக்கலாம், ஆறு வாரத்தைத் தாண்டக்கூடாது. அதற்குமேல் அடைபட்டிருந்தால் சிறுநீரகத்துக்கு மீளாத பாதிப்பு வரலாம். குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, வாந்தியில் மாத்திரையே தங்காவிட்டாலோ, இருப்பது ஒரே சிறுநீரகம் என்றாலோ நாள் எண்ணவே கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சும்மா காத்திருப்பது, மாத்திரையோடு காத்திருப்பது இரண்டும் போக மூன்றாவது வழி யூரெட்டரோஸ்கோப்பி. சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவியைச் செலுத்தி, லேசரால் கல்லை உடைப்பது. செலவும் மயக்கமருந்தும் உண்டு, ஆனால் காத்திருப்பு இல்லை. மைத்துனருக்கு அதையே செய்தார்கள். சிறுநீர் தடையின்றி இறங்க ஸ்டென்ட் என்ற மெல்லிய குழலைக் குழாய்க்குள் வைத்தார்கள். அது இருந்தவரை அடிக்கடி சிறுநீர் முட்டுகிறது என்று எரிச்சல்பட்டார்.

டாம்சுலோசினில் எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம், விந்து வெளிப்படாமல் போகலாம், இரண்டும் மாத்திரையை நிறுத்தினால் சரியாகும். கண்புரை அறுவைக்குப் போகிறவர்கள் மட்டும், எப்போதோ எடுத்திருந்தாலும், கண் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அறுவையின்போது கண்மணியைச் சுற்றிய கருவிழித்திரை தளர்ந்து தொல்லை தரலாம்.