ஒன்லைன்ல மோட்டர் வாங்குற ஆக்கள் இதை ஒருக்கா வாசியுங்கோ

கச்சானுக்குத் தண்ணி இறைக்க ஒரு மோட்டர் ஒன்லைன்ல எடுத்தனான், 28,500 ரூவா. வியாழன் விசுவமடுவுக்கு வந்து சேர்ந்திட்டுது, வெள்ளி பின்னேரம் பெட்டியைத் திறந்தா மேல் கவர் வெடிச்சுக் கிடக்கு. 7 நாளுக்குள்ள திருப்பலாம் எண்டு பில்லில இருக்குத்தானே எண்டு பயப்பிடேல்லை, அவையின்ர வாட்ஸ்அப்புக்கு எழுதினன்.

அங்க இருக்கிறது பொட். "ஆளோட கதைக்கோணும்" எண்டு தமிழில மூண்டு தரம் எழுதினன், மூண்டு தரமும் விளங்கவில்லை எண்டு அதே மெனுதான். கடுப்பில agent எண்டு இங்கிலீசில அடிச்சன், உடன "முகவர் ஒருவர் விரைவில் இணைவார்" எண்டு வந்திட்டுது. அப்ப நேரம் 5.40. அரை மணித்தியாலம் பாத்திட்டு "இருக்கிறீங்களோ" எண்டு கேட்டன் பாருங்கோ, அதுதான் பிழை. "வணக்கம்! எப்படி உதவலாம்?" எண்டு பொட் முதலில இருந்து தொடங்குது.

கோல் சென்டர்ல வேலை செய்த மச்சான்ர மகன்தான் பிறகு விளங்கப்படுத்தினவன். 5 மணியோட ஆக்கள் வீட்ட போயிடுவினமாம், ஆனா பொட்டுக்கு அது தெரியாது, அல்லது தெரிஞ்சும் சொல்லாத மாதிரி வச்சிருக்கினம். ஆள் வந்து எடுக்க முதல் நாங்கள் ஏதும் எழுதினா, செட்டிங் சரியில்லாட்டி அது திரும்பப் பொட்டிட்டயே போகுமாம், வரிசையில நிண்ட இடமும் போயிடுமாம்.

அதோட இன்னொண்டு. வாட்ஸ்அப்பில நாங்கள் கடைசியா எழுதி 24 மணித்தியாலம் தாண்டினா கொம்பனிக்காரர் நினைச்சதை எழுத ஏலாது, முன்னமே அனுமதி எடுத்த ரெம்ப்ளேட் மெசேஜ் மட்டும்தான் அனுப்பலாம். சனி ஞாயிறு ஒருத்தரும் இல்லை, அதால திங்கள் வந்தது "தொடர விரும்பினால் பதிலளிக்கவும்" எண்ட ஒரு வரிதான். வயலுக்க நிண்டதால செவ்வாய் இரவுதான் கண்டனான். "ஓம்" எண்டு போட்டன், அதையும் பொட்தான் எடுத்துது!

உண்மையான மனுசன் வந்தது அடுத்த வெள்ளி, எட்டாம் நாள். "என்ன பிரச்சினை சேர்?" எண்டு கேட்டார். நான் அனுப்பின படம், ஓடர் நம்பர் ஒண்டும் அவருக்குப் போகேல்லை. எல்லாம் திரும்பச் சொன்னா, திருப்புற காலம் முடிஞ்சுது எண்டார், பொட்டோட கதைச்ச நாள் கணக்கில்லையாம்.

ஆரும் இப்பிடி மாட்டினா காலமை ஒப்பிஸ் திறக்கிற நேரத்திலயே agent எண்டு அடியுங்கோ, மாத்தி விட்டதெண்டு வந்தா கையை வச்சுக்கொண்டு சும்மா இருங்கோ. முறைப்பாட்டு நம்பர் தராட்டி அண்டைக்கே ஈமெயிலும் போட்டு வையுங்கோ, அதில திகதி நிக்கும். ஆள் வந்தோண்ண முதல்ல கேளுங்கோ, மேல எழுதினது தெரியுதோ எண்டு.

வெள்ளி 5.40 எண்டு நேரம் தெரியிற ஸ்கிரீன்சொட் எல்லாத்தையும் அனுப்பியிருக்கிறன், "மேலிடத்தில கேட்டுச் சொல்லுறம்" எண்டவை. மோட்டர் விறாந்தையில கிடக்கு, கச்சானுக்கு பக்கத்துக் காணி அண்ணையின்ர மிசினை வாடகைக்கு எடுத்து இறைச்சுக்கொண்டிருக்கிறன்.