கூடலூரா, குன்னூரா? வானத்தைப் பார்த்துச் சொல்வது

ஒரு படத்தில் தேயிலைத் தோட்டம், மேலே தாழ்ந்த சாம்பல் மேகம். எடுத்த இடம் கூடலூரா, குன்னூரா என்று வானத்தை வைத்துச் சொல்ல முடியுமா? படம் ஜூலையில் எடுத்தது என்று தெரிந்தால் நான் கூடலூர் பக்கம் சாய்வேன். நீலகிரியின் மேற்குப் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதும். குன்னூர் கிழக்கே, ஓரளவு மழைமறைவில் இருக்கிறது. அங்கே பெருமழை அக்டோபர், நவம்பரில்தான். ஆனால் ஜூலையிலும் குன்னூரில் மூடுபனி இறங்கும். மாதமே தெரியாவிட்டால் அந்த மேகம் இரண்டு ஊருக்கும் பொருந்தும்.

வானத்தின் நீலத்தை இன்னும் குறைவாகவே நம்புவேன். உயரம் கூடினால் நீலம் அடர்வது உண்மை. குன்னூர் சுமார் 1,850 மீட்டர், கூடலூர் ஏறக்குறைய 1,000. ஆனால் செல்போன் கேமராவே நீலத்தை ஏற்றிவிடுகிறதே! மார்ச் மாதத்துப் புகைமூட்டமோ இரண்டு இடத்திலும் தொடுவானத்தை வெளுத்துவிடும்.