மன்னிப்புக் கடிதத்தில் இல்லாத நான்காவது வழி: இணையத்தில் பொருள் வாங்குவோர் கவனத்திற்கு

இருப்புக் கணக்கில் நேர்ந்த பிழையால் பொருள் தாமதமாகிறது என்று வருத்தம் தெரிவித்து, சில வழிகளைக் கொடுத்து, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கடிதம் உங்களுக்கு வந்தால், பதில் எழுதும் முன் இந்தப் பதிவைப் படித்துவிடுங்கள். அத்தகைய கடிதம் ஒன்றால் எங்கள் பணம் ஏறத்தாழக் கூப்பனாக மாறிப் போயிருக்கும்.

புதுமனை புகுவிழாவுக்காக ஒரே நிறத்தில் ஆறு மின்விசிறிகளை, மின்சாதனங்களைத் தன் சொந்த இணையதளத்திலேயே விற்கும் ஒரு நிறுவனத்திடம் வாங்கினோம். ஒன்று 3,200 ரூபாய் வீதம் 19,200 ரூபாயை முன்பணமாகவே செலுத்திவிட்டோம். 'இருப்பில் உள்ளது' என்ற குறிப்பையும், பொருள் வந்து சேரும் தேதியையும் பார்த்த பிறகே, விழாவுக்கு முந்தைய வாரத்தில் மின்பணியாளரை வரச் சொல்லியிருந்தோம். சொன்ன தேதி வரை ஆர்டர் பக்கத்தில் 'அனுப்பத் தயார்' என்றே இருந்தது. கூரியர் எண்ணும் கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் கூரியர் நிறுவனத்தின் தளத்தில் அந்த எண்ணைத் தேடினால், பொதி அவர்கள் கைக்கு வந்ததாக எந்தப் பதிவும் இல்லை. முகவரிச் சீட்டை அச்சிட்ட உடனேயே அந்த எண் உருவாகிவிடும். பொருள் கிடங்கை விட்டுப் புறப்பட்டது என்பதற்கு அது சான்றாகாது. எண் இருந்தும் நகர்வு இல்லை என்றால், பொருளை எடுக்கப் போனவர் அலமாரியில் அதைக் காணவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தேதி கடந்த பின்னரே கடிதம் வந்தது. மொழி மிகப் பணிவாக இருந்தது. "எங்கள் இருப்புப் பதிவில் ஏற்பட்ட பிழையின் காரணமாகத் தங்கள் ஆர்டரைக் குறித்த நாளில் அனுப்ப இயலவில்லை, தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு மனமார வருந்துகிறோம்" என்று தொடங்கி, மூன்று வழிகளைத் தந்தது. ஒன்று, புதிய சரக்கு வரும்வரை 21 நாட்கள் காத்திருப்பது. இரண்டு, அதே விலையில் வேறு நிறத்தைப் பெற்றுக்கொள்வது. மூன்று, செலுத்திய தொகையோடு ஐந்து விழுக்காடு சேர்த்து, அவர்களிடமே ஆறு மாதத்திற்குள் பயன்படுத்த வேண்டிய கூப்பனாகப் பெறுவது. கடைசி வரி சிறிய எழுத்தில் இருந்தது: மூன்று நாட்களுக்குள் பதில் வராவிட்டால், மூன்றாம் வழியைத் தேர்ந்தெடுத்ததாகக் கருதப்படும்.

பணத்தைத் திருப்பித் தருவதைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண் நேர்மையானவர். கேட்டதும் பிழை எப்படி நேர்ந்தது என்று விளக்கினார். அந்த மின்விசிறி, இரண்டு சேர்ந்த பெரிய பெட்டியாகவும் தனித்தனிப் பெட்டியாகவும் வருவதுண்டாம். கடைசியாக எட்டுத் தனிப் பெட்டிகள் வந்தபோது, சரக்கு வரவைப் பதிந்தவர் அவற்றை இரட்டைப் பெட்டிகளாகக் கணக்கிட்டுப் பதினாறு என்று ஏற்றிவிட்டார். எங்களுக்கு முன் ஐந்து விற்றுப் போயின. ஆகவே கணினி பதினொன்று இருப்பதாகக் காட்டி எங்களிடமிருந்து ஆறுக்குப் பணம் வாங்கியது. கிடங்கில் இருந்தவையோ மூன்று. இத்தகைய பிழை எந்தக் கிடங்கிலும் நேரக்கூடியதே. அதற்காக எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த மூன்றை உடனே அனுப்பிவிட்டு, மீதி மூன்றுக்கான 9,600 ரூபாயைத் திருப்பித் தரும் வழி அவர்கள் கையிலேயே இருந்தும், அதைக் கடிதத்தில் எழுதாமல் விட்டதை என்னால் பிழை என்று ஏற்க முடியவில்லை. கூடத்துக்கும் இரு அறைகளுக்கும் அந்த மூன்றே அன்றைக்குப் போதுமானவையாக இருந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனித்தோம். கடிதம் வந்த நாளிலும் அதே நிறம் அவர்களுடைய தளத்தில் 'இருப்பில் உள்ளது' என்றே விற்பனைக்கு இருந்தது. பிழை உண்மையிலேயே கண்டறியப்பட்டிருந்தால், கிடங்கில் எண்ணிப் பார்த்துக் கணக்கைத் திருத்தியிருப்பார்கள். இருந்த மூன்றும் எங்கள் ஆர்டருக்கே போதாதவை என்பதால், திருத்திய உடன் அந்தக் குறிப்பும் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை என்றால், அடுத்தவரிடமும் இல்லாத பொருளுக்குப் பணம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றே பொருள். ஆகவே கடிதம் கிடைத்ததும் அந்தப் பொருளின் பக்கத்தைத் திறந்து, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமாக, முதலில் கொடுத்த விநியோகத் தேதி இருக்கும் உறுதிப்படுத்தல் மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள். எங்கள் ஆர்டர் பக்கத்தில் பழைய தேதி மறைந்து, 21 நாட்களுக்குப் பிந்தைய புதிய தேதி மட்டுமே நின்றது. நாம் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தால், புதிய தேதிக்கு நாமே ஒப்புக்கொண்டோம் என்று பின்னர் வாதிட அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும்.

நுகர்வோர் பாதுகாப்பு (மின்னணு வணிகம்) விதிகள், 2020 இதில் நமக்குத் துணையாக இருக்கின்றன. அறிவித்த விநியோகத் தேதிக்குப் பின் தாமதமாக வரும் பொருளைத் திரும்பப் பெறவோ, அதற்கான பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. யாருடைய கட்டுப்பாட்டுக்கும் அப்பாற்பட்ட பேரிடர் போன்றவற்றால் நேர்ந்த தாமதத்துக்கு மட்டுமே விலக்கு உண்டு. தன் ஊழியர் பெட்டியைத் தவறாக எண்ணியதை எந்த நிறுவனமும் பேரிடர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பொருள் வாங்குவதற்கான சம்மதத்தைக்கூட வாடிக்கையாளரின் வெளிப்படையான செயலின் மூலமே பெற வேண்டும், தானாகப் பதிவு செய்யக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. அப்படியிருக்க, நம்முடைய மௌனத்தை வைத்து 19,200 ரூபாயைக் கூப்பனாக மாற்றுவது எந்த வகையில் முறை?

நாங்கள் தொலைபேசியில் வாதாடுவதை நிறுத்திவிட்டு, அந்தத் தளத்தில் பெயர் குறிப்பிடப்பட்டிருந்த குறைதீர் அலுவலருக்கு, மூன்று நாள் கெடு முடியும் முன்னரே மின்னஞ்சல் அனுப்பினோம். அந்த அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் விதியே. நாங்கள் எழுதியது இவ்வளவுதான்:

"தங்கள் கடிதத்தில் உள்ள மூன்று வழிகளில் எதையும் நான் தேர்ந்தெடுக்கவில்லை. என் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ள வேண்டாம். முதலில் உறுதியளித்த தேதி கடந்துவிட்டதால் ஆர்டரை ரத்து செய்கிறேன். கிடங்கில் உள்ள மூன்று மின்விசிறிகளை நாளைக்குள் அனுப்ப இயலுமெனில் அவற்றைப் பெற்றுக்கொண்டு மீதித் தொகையை ஏற்கிறேன். இல்லையெனில் முழுத் தொகையையும் பணம் செலுத்தப்பட்ட அதே கணக்குக்குத் திருப்பி அனுப்புக."

ஒப்புகை வந்தது, மூன்று மின்விசிறிகள் வரவில்லை. விழாவுக்கு உள்ளூர்க் கடையில் கிடைத்த நிறத்தை வாங்கி மாட்டினோம். முழுத் தொகை பின்னர் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது, ஆனால் அதற்கிடையில் ஒருமுறை, நாங்கள் கேட்காமலேயே, கூப்பன் எண்ணும் அனுப்பப்பட்டது. அந்த எண்ணை எங்கும் உள்ளிட வேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்தோம். ஒருமுறை பயன்படுத்திவிட்டால் அந்த வழியை ஏற்றுக்கொண்டதாகவே ஆகிவிடும். மின்பணியாளர் வீணாக வந்து போன நாளின் கூலியைத் தர நிறுவனம் மறுத்துவிட்டது. அதற்காக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். அது இன்னும் நிலுவையில் இருக்கிறது. அந்த நிறம் இன்று காலையிலும் அவர்கள் தளத்தில் 'இருப்பில் உள்ளது' என்றுதான் இருக்கிறது.